புறப்படாத பயணமும் பெற்ற இழப்பீடும்

சென்ற ஆண்டுகளில் நம் குடும்பங்களில் வெளிநாட்டுப் பயணம் பெருகியிருக்கிறது. மகனைக் காணவும், மகளின் பேறுகாலத்திற்கு உதவவும், கோடை விடுமுறையைக் கழிக்கவும் குடும்பமாக விமானம் ஏறுகிறோம். பயணச்சீட்டு வாங்கும்போதே பயணக் காப்பீடும் வாங்கிவிடுகிறோம். ஆனால் அந்தப் பாலிசியைப் படிப்பவர் எத்தனை பேர்? புறப்படுவதற்கு முன்னரே வீட்டில் ஒருவர் நோயில் விழுந்து, பயணமே நின்றுபோனால், போன பணத்தைக் கேட்க வழியுண்டா? வழியுண்டு. அவ்வழியில் நடந்து, ஒருமுறை தடுக்கி விழுந்து, மீண்டும் எழுந்த ஒரு குடும்பத்தின் வரலாற்றை அவர்கள் இசைவோடு இங்கே எழுதுகிறோம். பெயர்களை மட்டும் விட்டுவிடுகிறோம்.

திருச்சியில் நம் அண்டை வீட்டார் அவர்கள். கணவர், மனைவி, பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் இருவர், கணவரின் தாயார் என ஐவர் கொண்ட குடும்பம். 2025ஆம் ஆண்டு மே மாதம் 18ஆம் நாள், தாயாரை அவருடைய மகள் வீட்டில் விட்டுவிட்டு, மற்ற நால்வரும் சிங்கப்பூர் செல்வதாக ஏற்பாடு. மார்ச் 10ஆம் நாளே பயணச்சீட்டும், தங்கும் விடுதியும், காப்பீடும் முடிந்துவிட்டன.

மே 13ஆம் நாள், செவ்வாய்க்கிழமை இரவு, உணவு முடித்து எழுந்த தாயாரின் வலக்கை தொய்ந்தது, பேச்சுக் குழறியது. பக்கவாதம். இரவு பத்தே முக்கால் மணிக்கு மருத்துவமனையில் சேர்த்தார்கள். மறுநாள் மாலை மருத்துவர், "இன்னும் இரண்டு வாரமாவது இங்கே இருக்க வேண்டும். மகன் உடனிருப்பது நல்லது" என்று சொல்லிவிட்டார்.

காத்திருந்த இரண்டு நாள்

அந்த இரவே பயணம் நின்றுபோனது என்பது மருமகளுக்குத் தெரிந்துவிட்டது. விடுதிக்குச் செய்தி அனுப்பிவிடலாமா என்று அவர் கேட்டபோது, கணவர் சினந்தார். "அம்மா இப்படிக் கிடக்கும்போது பணக்கணக்குப் பார்க்கச் சொல்கிறாயா?" என்றார். அந்தச் சினத்தில் தாயன்பு இருந்தது. ஆயினும் அதற்கு ஒரு விலையும் இருந்தது. 16ஆம் நாள், வெள்ளிக்கிழமை நண்பகலில்தான் அவர் சீட்டுகளையும் விடுதியையும் ரத்துச் செய்தார்.

விடுதியின் நிபந்தனை இப்படி இருந்தது: மே 11 வரை ரத்துச் செய்தால் முழுப்பணமும் திரும்பும், 15ஆம் நாள் இரவு வரை பாதி திரும்பும், அதற்குமேல் ஒன்றும் திரும்பாது. நான்கு நாள் வாடகையாக முன்கூட்டியே கட்டியிருந்த தொகை 48,000 ரூபாய். புதன்கிழமை மாலை ஒரு செய்தி அனுப்பியிருந்தால் 24,000 ரூபாய் கைக்கு வந்திருக்கும். வெள்ளிக்கிழமை அனுப்பியதால் வரவில்லை.

இதனை நாம் குறையாகச் சொல்லவில்லை. அந்த நிலையில் நாமும் அப்படியே இருந்திருப்போம். ஆனால் காப்பீட்டு நிறுவனம் பார்க்கும் கண்ணாடி வேறு. இழப்பைக் குறைப்பதற்குத் தன்னால் இயன்றதைச் செய்வது காப்பீடு பெற்றவரின் கடமை என்பது இத்தகைய பாலிசிகளின் பொதுவிதி. போக முடியாது என்று தெரிந்த நாளிலேயே ரத்துச் செய்திருந்தால் எவ்வளவு போயிருக்குமோ, அவ்வளவையே அவர்கள் இழப்பாகக் கொள்வார்கள். ஆகவே மருத்துவமனையில் இருப்பவர் ஒருவர், ரத்துச் செய்பவர் ஒருவர் எனக் குடும்பத்தில் வேலையைப் பிரித்துக்கொள்வது நல்லது. நோயாளியின் அருகில் இருப்பவர் இக்கணக்கில் தலையிட வேண்டியதில்லை.

விமானச்சீட்டின் கணக்கு

சலுகைக் கட்டணத்தில் வாங்கிய சீட்டாகையால் 'திரும்பப் பெற இயலாதது' என்று அச்சிடப்பட்டிருந்தது. பலர் இந்த வாசகத்தைக் கண்டதும், ரத்துச் செய்து என்ன பயன் என்று சும்மா இருந்துவிடுகிறார்கள். அது தவறு. நம் நாட்டு விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் விதிப்படி, எந்த வகைச் சீட்டாயினும், பயணம் செய்யாதவருக்குச் சட்டப்படியான வரிகளையும் விமானநிலையக் கட்டணங்களையும் விமான நிறுவனம் திருப்பித் தந்தாக வேண்டும். ரத்துக் கட்டணமாக அவர்கள் பிடித்துக்கொள்ளக்கூடியது அடிப்படைக் கட்டணத்திற்கும் எரிபொருள் கூடுதல் கட்டணத்திற்கும் மேற்படக் கூடாது.

இவர்களுடைய சீட்டு ஒன்றின் விலை 24,000 ரூபாய். அதில் அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்து 19,000. வரிகளும் விமானநிலையக் கட்டணங்களும் 5,000. ஆகவே நான்கு சீட்டுக்கு 20,000 ரூபாய் திரும்பியது; 76,000 ரூபாய் போயிற்று. காப்பீட்டு நிறுவனத்திடம் கேட்கத்தக்கது 96,000 அன்று, 76,000 மட்டுமே. எது வேறு வழியில் திரும்பிவிட்டதோ அதை மீண்டும் கேட்க முடியாது. பணமாகத் தராமல் பின்னொரு பயணத்திற்கான வரவாக விமான நிறுவனம் வைத்துக்கொண்டாலும், அதுவும் திரும்பிய பணமாகவே கணக்கிடப்படும்.

இதற்குச் சான்றாக அவர்கள் முதலில் அனுப்பியது, சீட்டு வாங்கித்தந்த முகவரின் ரசீது. அது போதவில்லை. பிடித்தது எவ்வளவு, திருப்பியது எவ்வளவு என்று காட்டும் விமான நிறுவனத்தின் கடிதமே வேண்டும் என்று கேட்டார்கள். அதைப் பெறப் பதினொரு நாள் சென்றது. ரத்துச் செய்த அன்றே அக்கடிதத்தையும் கேட்டு வாங்கியிருக்கலாம்.

மருத்துவச் சான்றில் ஒரு வரி

மருத்துவமனை தந்த டிஸ்சார்ஜ் சம்மரியில், நோயின் பெயர், சேர்த்த நாள், மூளையின் ஸ்கேன் முடிவு யாவும் தெளிவாக இருந்தன. அவற்றோடு, 'பத்து ஆண்டுகளாக இரத்தக் கொதிப்பு; மாத்திரை உட்கொண்டு வருபவர்' என்ற ஒரு வரியும் இருந்தது.

இவ்வரியைக் கண்ட உறவினர் ஒருவர், "காப்பீட்டுக்காரன் இதைப் பிடித்துக்கொள்வான். டாக்டர் தெரிந்தவர்தானே? இந்த ஒரு வரியை எடுத்துவிட்டு வேறொரு சான்று எழுதித் தரச்சொல்" என்றார். ஒரு இலட்சத்துக்கு மேல் போய்விட்ட நிலையில், கணவரின் மனம் சற்றே ஆடியது உண்மை. அதை அவரே நம்மிடம் சொன்னார்.

மனைவிதான் மறுத்தார். "அத்தை மாத்திரை சாப்பிடுவது தெருவுக்கே தெரியும். அவர்கள் விசாரிக்க வந்தால் டாக்டருக்கும் தலைகுனிவு, நமக்கும் தலைகுனிவு. பணம் வராவிட்டால் போகட்டும்" என்றார். அந்த வரி அப்படியே சென்றது.

மனச்சான்று ஒருபுறம் இருக்க, நடைமுறையிலும் அவர் சொன்னது சரியே. கோரிக்கையில் பொய்யோ மறைப்போ இருப்பதாகத் தெரிந்தால், நேர்மையான பகுதியும் சேர்ந்தே தள்ளப்படும். மருத்துவமனையின் நோயாளிப் பதிவேட்டைப் பார்க்க நிறுவனத்திற்கு வாய்ப்புண்டு. அங்கே சேர்க்கையின்போது எழுதிய குறிப்பு ஒன்றாகவும், பின்னர் தந்த சான்று வேறாகவும் இருந்தால், எது பொய் என்பதைக் கண்டுகொள்ள அதிக நேரம் ஆகாது.

மருத்துவச் சான்றில் உண்மையிலேயே இருக்க வேண்டியவை இவை: நோயாளியின் பெயரும் வயதும், அறிகுறி தோன்றிய நாளும் நேரமும், உள்நோயாளியாகச் சேர்த்த நாளும் பதிவு எண்ணும், நோயின் பெயர், உடனடியாக மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருந்தது என்ற குறிப்பு, எத்தனை நாள் இருக்க நேர்ந்தது என்பது, மருத்துவரின் கையொப்பம், பதிவு எண், மருத்துவமனை முத்திரை. 'உடல்நலக் குறைவு' என்று பொதுவாக எழுதிய அரைத்தாள் சான்று எதற்கும் உதவாது. பெரும்பாலான பாலிசிகள் உறவினரின் நோயை ஏற்பது, அவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தால்தான். சான்றில் நாள்கள் தெளிவாக இருக்க வேண்டுவதன் காரணமும் அதுவே. பாலிசி வாங்கிய நாள், நோய் வந்த நாள், ரத்துச் செய்த நாள் ஆகிய மூன்றும் இதே வரிசையில் வர வேண்டும். தாயார் மருத்துவமனையில் படுத்த பின்பு வாங்கிய பாலிசிக்கு இதில் வேலையே இல்லை.

அனுப்பிய மடல்

மே 29ஆம் நாள் நிறுவனத்தின் கோரிக்கைப் படிவத்தை நிரப்பி, அதனுடன் ஒரு மடலும் இணைத்தார்கள். ஆங்கிலத்தில் எழுதிய அம்மடலின் கருத்தைத் தமிழில் தருகிறோம்.

"ஐயா, மேற்கண்ட பாலிசியின்கீழ் நாங்கள் நால்வரும் 18.5.2025 அன்று திருச்சியிலிருந்து சிங்கப்பூர் செல்வதாக இருந்தோம். என் தாயாருக்கு 13.5.2025 இரவு திடீரெனப் பக்கவாதம் ஏற்பட்டு, அன்றிரவே மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார், 28.5.2025 அன்று வீடு திரும்பினார். அவருக்கு உதவி செய்ய வேண்டியிருந்ததால் 16.5.2025 அன்று பயணத்தை ரத்துச் செய்தோம். விமானச்சீட்டில் திரும்பாத தொகை ரூ.76,000, விடுதியில் திரும்பாத தொகை ரூ.48,000, ஆக ரூ.1,24,000. இத்தொகைக்கு இழப்பீடு வழங்க வேண்டுகிறோம்."

இதன்கீழ் இணைப்புகளை எண்ணிட்டுக் காட்டியிருந்தார்கள்:

1. பாலிசியின் நகல்.
2. நால்வரின் விமானச்சீட்டுகள், பணம் கட்டிய சான்றுடன்.
3. விடுதி முன்பதிவும் அதன் ரத்து நிபந்தனையும்.
4. விமான நிறுவனமும் விடுதியும் தந்த ரத்துக் கடிதங்கள்.
5. டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் அறிக்கை, மருத்துவர் சான்று.
6. தாயாருக்கும் மகனுக்கும் உள்ள உறவைக் காட்டும் சான்று. கணவரின் பாஸ்போர்ட்டில் தாயின் பெயர் இருந்தது.
7. நால்வரின் பாஸ்போர்ட் நகல். வங்கிக் கணக்கைக் காட்டும் ரத்துச் செய்த காசோலை.

அழுகையும் அலங்காரமும் இல்லாத இம்மடல் ஒரு பக்கத்தைத் தாண்டவில்லை. ஒவ்வொரு தொகைக்கும் ஒரு தாள் சான்றாக இருந்தது. விமான நிறுவனத்தின் கடிதம் மட்டும், முன்னே சொன்னபடி, பின்னர் போய்ச் சேர்ந்தது. விசாவுக்குக் கட்டிய பணத்தை அவர்கள் கேட்கவில்லை. போக்குவரத்தும் தங்குமிடமும் மட்டுமே தங்கள் பாலிசியில் அடங்கும் என்பதைப் படித்திருந்தார்கள்.

மறுப்பும் மறுமொழியும்

ஜூன் 20ஆம் நாள் பதில் வந்தது. கோரிக்கை ஏற்கப்படவில்லை. காரணம் இரண்டு. ஒன்று, நோயாளிக்கு முன்பே இரத்தக் கொதிப்பு இருந்தது. முன்நோயால் வரும் இழப்புக்குப் பாலிசியில் இடமில்லை. இரண்டு, பிள்ளைகள் இருவருக்கும் நோயாளி பாட்டியாகிறார். பாலிசி கூறும் நெருங்கிய உறவினர் பட்டியலில் பாட்டி இல்லை.

அன்று மாலை அக்கடிதத்தை எடுத்துக்கொண்டு கணவர் நம் வீட்டுக்கு வந்தார். "அந்த வரியை எடுத்திருக்கலாம் போலிருக்கிறது, ஐயா" என்றார். "பாலிசியைக் கொண்டுவந்தீர்களா?" என்று கேட்டோம். முதற்பக்கத்தை மட்டும் கொண்டுவந்திருந்தார். முப்பது பக்க விதித்தொகுப்பு கணினியில் இருந்தது. அதை அச்செடுத்து வரச்செய்து, இருவரும் உட்கார்ந்து படித்தோம்.

முன்நோய் விலக்கு என்ற பகுதி இப்படித் தொடங்கியது: 'காப்பீடு பெற்றவருக்கு' முன்பே இருந்த நோய். தாயார் பயணம் செய்பவர் அல்லர். பாலிசியில் அவர் பெயரும் இல்லை. காப்பீடு பெற்றவர்கள் நால்வர் மட்டுமே. அவர்கள் உறவினரின் முன்நோயைப் பற்றி அப்பகுதியில் ஒரு சொல்லும் இல்லை. இதை எல்லாப் பாலிசிக்கும் பொதுவென்று வாசகர்கள் கொள்ள வேண்டாம். 'காப்பீடு பெற்றவருக்கோ அவர்தம் உறவினருக்கோ' என்று எழுதிய பாலிசிகளும் உண்டு. அப்படி எழுதியிருந்தால் இவர்கள் கோரிக்கை அங்கேயே முடிந்திருக்கும். வயதான பெற்றோரை வீட்டில் வைத்துக்கொண்டு பயணம் போகிறவர்கள், வாங்கும் முன்பே படிக்க வேண்டிய வரி இதுவே.

இரண்டாவது காரணத்திற்கும் விடை அத்தொகுப்பிலேயே இருந்தது. உறவினர் பட்டியலில் கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், பெற்றோர், மாமனார் மாமியார், உடன்பிறந்தோர் ஆகியோரே இருந்தனர். பாட்டி இல்லை என்பது மெய். ஆனால் அடுத்த பத்தியில், அதே பாலிசியில் உடன் பயணம் செய்பவர் ஏற்கத்தக்க காரணத்தால் பயணத்தைக் கைவிட்டால், அவரோடு செல்லவிருந்தவருக்கும் பாதுகாப்பு உண்டு என்றிருந்தது. தந்தைக்கு அவர் தாய். தாய்க்கு அவர் மாமியார். அவ்விருவரும் போகாதபோது, பள்ளிப் பிள்ளைகள் தனியே போக முடியுமா?

இவ்விரண்டையும் பாலிசியின் பக்க எண், பத்தி எண்ணோடு குறித்து, நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு ஜூன் 27ஆம் நாள் எழுதினார்கள். கோபச் சொல் ஒன்றும் சேர்க்கவில்லை. குறையீட்டுக்கு இரண்டு வாரத்திற்குள் விடை தரவேண்டும் என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் ஏற்பாடு. ஜூலை 9ஆம் நாள் விடை வந்தது. கோரிக்கை ஏற்கப்பட்டது, ஆனால் முழுமையாக அன்று.

விமானச்சீட்டு இழப்பு 76,000 ரூபாய் முழுதும் ஒப்பப்பட்டது. விடுதியில் 24,000 மட்டுமே ஒப்பினார்கள். 14ஆம் நாள் மாலையே மருத்துவர் இரண்டு வாரம் என்று சொல்லிவிட்டதை மருத்துவச் சான்றே காட்டுகிறது. 15ஆம் நாளுக்குள் ரத்துச் செய்திருந்தால் மற்றப் பாதி திரும்பியிருக்கும் என்பது அவர்கள் வாதம். அதை மறுக்க நம்மிடம் விடையில்லை. ஆக ஒப்பிய தொகை ஒரு இலட்சம், தலைக்கு 25,000. பாலிசி அமெரிக்க டாலரில் எழுதப்பட்டது. தலைக்கு உச்சவரம்பு 500 டாலர். டாலருக்கு 85 ரூபாய் என்று அவர்கள் கணக்கிட்டதால், அது 42,500 ரூபாய். வரம்புக்குள் அடங்கியது. ஆனால் தலைக்கு முதல் 25 டாலரைக் காப்பீடு பெற்றவரே ஏற்க வேண்டும் என்ற விதியால், நால்வருக்கு 100 டாலர், அதாவது 8,500 ரூபாய் கழிந்தது. ஜூலை 22ஆம் நாள் வங்கியில் சேர்ந்த தொகை 91,500 ரூபாய்.

மறுத்தே நின்றிருந்தால்

குறைதீர்ப்பு அலுவலரும் மறுத்திருந்தாலோ, ஒரு மாதம்வரை வாய் திறவாதிருந்தாலோ, அடுத்த படி காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகம். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரி, காரைக்காலுக்கும் சென்னையில் இவ்வலுவலகம் இருக்கிறது. மறுப்புக் கடிதம் கிடைத்த ஓராண்டுக்குள் எழுத வேண்டும். கட்டணம் இல்லை, வழக்கறிஞர் வைத்து வாதாடவும் இடமில்லை. சாதாரணக் குடும்பத்தார் தாமே எடுத்துச் சொல்லத்தக்க இடம் அது. ஐம்பது இலட்ச ரூபாய் வரையிலான கோரிக்கைகளை அவர் விசாரிக்கலாம். அங்கே போனாலும் கேட்கப்படுவது அதே தாள்கள்தாம். ஆகவே மூலங்களை எவரிடமும் கொடுத்துவிடாமல், அனுப்பும் ஒவ்வொன்றுக்கும் நகல் வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்னும் ஒன்றைச் சொல்லி முடிக்கிறோம். மலிவான பயணப் பாலிசிகள் பலவற்றில், அயல்நாட்டில் நோயுற்றால் ஆகும் மருத்துவச் செலவு மட்டுமே அடங்கும். பயண ரத்து என்ற பிரிவே இராது. அப்பிரிவு இருக்கும் பாலிசியையும் புறப்படும் நாளுக்கு முந்தின நாள் வாங்கினால், பயன் ஒருநாளுக்கே. இக்குடும்பம் சீட்டு வாங்கிய அன்றே பாலிசியும் வாங்கியதால்தான், இரண்டு மாதம் கழித்து வந்த இடருக்கு அது நிழலாயிற்று.

தாயார் இப்போது கோல் ஊன்றி முற்றத்தில் நடக்கிறார். "என்னால்தானே பிள்ளைகள் பயணம் கெட்டது" என்று முதலில் சில நாள் வருந்திக்கொண்டிருந்தாராம். பணம் வந்த செய்தியை மருமகள் சொன்னபோது, "என் மாத்திரைக் கணக்கையும் எழுதித்தானே அனுப்பினீர்கள்?" என்று கேட்டார். எழுதித்தான் அனுப்பினோம் என்றதும், வேறொன்றும் சொல்லாமல், அன்றைய மாத்திரையை எடுத்துத் தரச்சொல்லி வாங்கிக்கொண்டார்.